தனக்குத் தானே ஏலம் கேட்கும் நிறுவனம்

கூகுளில் ஒருவர் எதையாவது தேடும்போதெல்லாம், அந்தப் பக்கத்தில் யாருடைய விளம்பரம் வர வேண்டும் என்று கண நேரத்தில் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. விளம்பரதாரர் கேட்கும் தொகையோடு விளம்பரத்தின் தரமும் கணக்கில் சேரும். ஜெயித்தவர் தான் கேட்ட தொகை முழுவதையும் கொடுப்பதில்லை. தனக்கு அடுத்த இடத்தில் இருப்பவரை முந்த எவ்வளவு போதுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் கொடுக்கிறார். அடுத்த இடத்தில் நிற்பது யார் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

ஒரு ஸ்கூட்டர் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தன் பெயரையே தேடுகிறவர்களுக்காக அது கிளிக்குக்கு 20 ரூபாய் கேட்கிறது, தரம் 8. இரண்டையும் பெருக்கினால் 160. போட்டி நிறுவனம் 10 ரூபாய் கேட்கிறது. தரம் 4, பெருக்கினால் 40. நாற்பதைத் தாண்ட முதல் நிறுவனத்துக்கு 5 ரூபாய் போதும். கூகுளின் உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது என்றாலும் அடிப்படை இதுதான். இப்போது அதே நிறுவனத்தின் கோவை டீலர், தன் சொந்தக் கணக்கிலிருந்து அதே பெயருக்கு 16 ரூபாய் கேட்கிறார். அவர் தரம் 6 என்றால் மதிப்பு 96. தலைமை அலுவலகம் இனி கிளிக்குக்கு 12 ரூபாய் கொடுத்தாக வேண்டும். வெளியிலிருந்து புதிதாக யாரும் வரவில்லை; விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இதைத் தேடும்போது பலரும் தவறான இடத்தில் தோண்டுகிறார்கள். ஒரே கணக்குக்குள் இரண்டு பிரசாரங்கள் ஒரே சொல்லைக் குறிவைத்தால், ஒரு விளம்பர இடத்துக்கான ஏலத்துக்குக் கூகுள் அவற்றில் ஒன்றைத்தான் அனுப்பும். பட்ஜெட் தவறான பிரசாரத்துக்குப் போகலாம், ஆனால் அவை ஒன்றின் விலையை ஒன்று ஏற்றுவதில்லை. கணக்குகள் வேறாகும் இடத்தில்தான் விலை ஏறுகிறது: டீலர், கமிஷனுக்கு விற்பவர், தனித்தனி ஏஜென்சி வைத்திருக்கும் இரண்டு பிரிவுகள்.

கண்டுபிடிக்க, நிறுவனப் பெயருக்கான பிரசாரத்தைத் திறந்து Auction insights அறிக்கையைப் பார்க்க வேண்டும். அதே ஏலங்களில் நின்ற இணையதளங்களின் பட்டியல் அதில் வரும். அதில் டீலரின் தளம் இருந்தால், Overlap rate என்ற பத்தி அவருடைய விளம்பரமும் எத்தனை சதவீதம் சேர்ந்து வந்தது என்று சொல்லும். மாதவாரியாகப் பிரித்து, அவர் நுழைந்த மாதத்தையும் கிளிக் விலை ஏறிய மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் வலுப்படும், அல்லது விலகும்.

டீலரை முழுக்க விலக்க வேண்டியதில்லை. வெறும் நிறுவனப் பெயரை மட்டும் அவர் தன் கணக்கில் Exact match விலக்குச் சொல்லாகச் சேர்த்தால் போதும். ‘கோவை ஷோரூம்’ என்று சேர்த்துத் தேடுகிறவர்கள் அவருக்கே வருவார்கள். முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில் சில வாரங்கள் இதைச் செய்துபார்த்து, இருவரின் செலவையும் விற்பனையையும் சேர்த்தே கூட்ட வேண்டும். தலைமை அலுவலகக் கணக்கை மட்டும் பார்த்தால் லாபம் போலத்தான் தெரியும். டீலர் விட்ட இரண்டாம் இடத்தில் போட்டி நிறுவனம் ஏறி, வாடிக்கையாளரைக் கொண்டுபோயிருந்தால் அது அந்தக் கணக்கில் தெரியாது.