பாட்டில் தரையைத் தொடும் இடம்

செக்கு நல்லெண்ணெய் விற்கும் ஒரு சிறு நிறுவனம் இணையத்தில் கடை போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி பாட்டிலைப் படமெடுத்து, பின்னணியை வெட்டி எடுத்துவிட்டு, தூய வெள்ளையில் வைத்தாகிவிட்டது. லேபிள் பளிச்சென்று இருக்கிறது, எண்ணெயின் நிறமும் பிசகவில்லை. ஆனால் பாட்டில் அந்தரத்தில் தொங்குகிறது. “கொஞ்சம் நிழல் போட்டுக் கொடுங்க” என்று படம் திருத்துபவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகிறது. திரும்பி வரும் படத்தில் பாட்டிலின் முழு உருவமும் சாம்பல் நிறத்தில் பின்னால் விழுந்திருக்கிறது. இப்போது அது தொங்கவில்லை. சுவரில் ஒட்டிய ஸ்டிக்கராகிவிட்டது.

திருத்துபவரைக் குறை சொல்ல முடியாது. மென்பொருளில் ‘டிராப் ஷேடோ’ என்பது ஒரே சொடுக்கில் வந்துவிடும், கேட்டதும் நிழல்தானே. அந்த வகை நிழல் பொருளுக்குப் பின்னால் ஒரு சுவர் இருப்பதாகக் கண்ணுக்குச் சொல்கிறது. நமக்குத் தேவை பொருளுக்குக் கீழே ஒரு தரை.

நிழலை வைத்தே கண் இடத்தைக் கணிக்கிறது என்பதற்கு டேனியல் கெர்ஸ்டனும் கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. கணினித் திரையில் ஒரு பெட்டிக்குள் பந்து ஒன்று சாய்வாக நகர்கிறது. நிழல் பந்தோடு ஒட்டியே போனால், பந்து தரையில் உருண்டு பின்னோக்கிப் போவதாகத் தெரிகிறது. நிழல் மட்டும் கிடைமட்டமாக விலகிப் போனால், அதே பந்து மேலே எழும்புவதாகத் தெரிகிறது. பந்தின் பாதை இரண்டிலும் ஒன்றுதான்.

ஆகவே பாட்டிலைத் தரையில் நிறுத்துவது, பாட்டிலும் நிழலும் சேரும் அந்த ஒரு கீற்றுதான். பொருள் தரையைத் தொடும் இடத்தில் எந்தப் பக்கத்து ஒளியும் நுழைய முடியாது. அங்கே நிழல் மிக மெலிந்து, மிகக் கறுத்து, கூர்மையாக இருக்கும். விலகிப் போகப் போக வெளுத்து, கரை மங்கும். மங்கல் எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு: விளக்கின் அகலத்தை, நிழலை விழச்செய்யும் விளிம்பு தரையிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் அந்த விளிம்புக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் 120 செ.மீ. தள்ளி இருந்தால், தரைக்கு 1 செ.மீ. மேலுள்ள விளிம்பின் நிழல் அரை செ.மீ. மங்கும், 10 செ.மீ. மேலுள்ளது 5 செ.மீ. மங்கும். நிழல் முழுவதற்கும் ஒரே அளவு பிளர் கொடுத்தால் பொய்யாகத் தெரிவது இதனால்தான்.

இன்னொரு நுணுக்கம், பாட்டிலின் அடியை விரலால் தடவிப் பார்த்தால் புரியும். கண்ணாடி பாட்டிலின் அடியோரம் உருண்டிருக்கும். தரையைத் தொடுவது அதற்குச் சற்று உள்ளே உள்ள ஒரு வளையம். அதனால் கருங்கீற்று பாட்டிலின் வெளி ஓரம் வரை வரக்கூடாது, கொஞ்சம் உள்ளடங்க வேண்டும். பலர் இதை ஓரத்துக்கும் வெளியே இழுத்துவிடுவார்கள். அப்போது பாட்டில் ஒரு கறுப்புத் தட்டின் மேல் நிற்பது போலாகிவிடும்.

இனி அந்த வாட்ஸ்அப் வரியை எப்படி எழுதியிருக்கலாம் என்று பார்ப்போம். முதலில் ஒளியின் திசை. அதை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பாட்டிலின் இடது தோளில் சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைப் பட்டை ஏற்கெனவே மின்னுகிறது. அப்படியானால் நிழல் வலப்பக்கம்தான் சாய வேண்டும். பிறகு அளவுகள். படம் 2000 பிக்சல் சதுரம், பாட்டிலின் அடி அகலம் 400 பிக்சல் என்றால், குறிப்பு இப்படி இருக்கலாம்: “முதல் லேயர், அடியின் வளைவை ஒட்டிய கீற்று: அகலம் 370, தடிமன் 8, பிளர் 3, அடர்த்தி 70%. இரண்டாவது, அதைச் சுற்றி: பிளர் 20, அடர்த்தி 30%. மூன்றாவது, வலப்பக்கம் 250 பிக்சல் வரை: பிளர் 70, அடர்த்தி 10%, கரை தெரியாமல் வெள்ளையில் கலக்க வேண்டும்.” இவை தொடக்க எண்கள்தாம். பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடக் கூடாது.

நிறத்தையும் சொல்லிவிட வேண்டும். நல்லெண்ணெய் ஒளியை முழுதாக மறைப்பதில்லை, பொன்னிறமாக்கி உள்ளே விடுகிறது. அதனால் மூன்றாவது லேயரின் நடுவில் லேசான தேன் நிறம் கலந்தால்தான் அது எண்ணெய் பாட்டிலின் நிழல். வெறும் சாம்பல் என்றால் உள்ளே தார் இருப்பதாகப் படும்.

அடுத்தது பிரதிபலிப்பு. இது எல்லாத் தரைக்கும் பொருந்தாது. மங்கலான காகிதத் தளத்தில் நிழல் மட்டும் உண்டு. கறுப்பு அக்ரிலிக்கில் பிரதிபலிப்புதான் உண்டு. அதன் மேல் நிழல் கேட்பதில் அர்த்தமில்லை. பளபளப்பான வெள்ளை அக்ரிலிக்கில் இரண்டும் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதைக் காமிராவின் உயரம் தீர்மானிக்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் அக்ரிலிக் திருப்பி அனுப்புவது 4% ஒளிதான். தரைமட்டத்திலிருந்து 30 டிகிரி ஏறிய பார்வையில் சுமார் 9%. 15 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 25%. மேலிருந்து எடுத்த படத்துக்குக் கீழே கண்ணாடி போலப் பளிச்சென்ற பிரதிபலிப்பு வைத்தால் கண் நம்பாததற்கு இதுவே காரணம்.

பெரும்பாலும் கெடுவது வேறொரு இடத்தில். படத்தை நகலெடுத்து, தலைகீழாகப் புரட்டி, கீழே ஒட்டிவிடுகிறார்கள். காமிரா சற்று மேலிருந்து பார்ப்பதால் பாட்டிலின் அடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். புரட்டிய நகலின் வளைவு மேல்நோக்கி இருக்கும். இரண்டும் நடுவில் ஒரு புள்ளியில் மட்டுமே தொடும். நம் பாட்டிலை 15 டிகிரியிலிருந்து எடுத்திருந்தால், அடியின் ஓரங்கள் நடுவைவிடச் சுமார் 50 பிக்சல் உயரத்தில் இருக்கும். புரட்டிய நகலில் அதே ஓரங்கள் 50 பிக்சல் இறங்கியிருக்கும். இரு பக்கமும் 100 பிக்சல் இடைவெளி! எவ்வளவு அழகாக நிழல் போட்டிருந்தாலும் பாட்டில் அந்த இடத்தில் மறுபடி எழும்பிவிடும். உருண்டைப் பொருளென்றால் நகலின் ஓரங்களை வார்ப் கருவியால் மேலே இழுத்து, இரு வளைவுகளையும் பொருத்திவிடலாம். இரண்டு பக்கம் தெரியும்படி சாய்த்து எடுத்த அட்டைப் பெட்டிக்கு, ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் புரட்டிச் சாய்க்க வேண்டும். அதைவிட நிஜ அக்ரிலிக் ஷீட் மேல் வைத்துப் படமெடுப்பது மலிவு.

ஆகவே குறிப்பில் இதையும் சேர்க்கலாம்: “பிரதிபலிப்பு அடியின் வளைவிலிருந்தே தொடங்க வேண்டும், அங்கே 25%, பாட்டிலின் உயரத்தில் கால் பங்குக்குள் மறைய வேண்டும், பிளர் 1-இல் தொடங்கி 8 வரை ஏற வேண்டும்.” கால் பங்கு என்பது என் விருப்பம். அதற்கு மேல் விட்டால் தலைகீழ் லேபிள் எழுத்து தெரியத் தொடங்கும். கண் அதைப் படிக்கப் போய்விடும்.

படம் வந்ததும் ஒரு சோதனை போதும். லெவல்ஸ் கட்டத்தில் கறுப்பு முக்கோணத்தை வலது கோடிவரை இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிறல் எல்லாம் கறுத்துத் தெரியும். மூன்றாவது லேயர் நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டிருந்தாலோ, படிப்படியாகப் பட்டை விழுந்திருந்தாலோ, கருங்கீற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பிக்சல் வெள்ளை ஓடினாலோ அப்போதே அகப்படும். அந்த வெள்ளை ஓட்டத்தை மட்டும் விடாதீர்கள். கடையின் பக்கத்தில் வாடிக்கையாளர் பெரிதாக்கிப் பார்க்கும்போது பாட்டிலைத் தூக்கிவிடுவது அதுதான்.