பெயர் மாறியது, கணக்கு எண் மாறவில்லை

2007-ல் யூடிஐ பேங்க் ஆக்சிஸ் பேங்க் ஆனது. பெயர்ப்பலகை, பாஸ்புக், காசோலை எல்லாம் மாறின. ஆனால் இன்றைக்கும் ஆக்சிஸ் வங்கிக் கிளை எதற்குப் பணம் அனுப்பினாலும் அதன் ஐஎஃப்எஸ்சி குறியீடு UTIB என்றுதான் தொடங்குகிறது. பெயர் மாறியதே தவிர, வங்கி அதே வங்கி. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் கதை வேறு. 2020-ல் அது டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. LAVB என்று தொடங்கிய குறியீடுகள் பிறகு DBSS என்று மாறின. பழைய குறியீட்டை எழுதிவைத்திருந்தவர்கள் எல்லாரும் அதைத் திருத்த வேண்டியிருந்தது.

ஒரு நிறுவனம் “எங்கள் பெயர் மாறிவிட்டது” என்று கடிதம் அனுப்பும்போது, வாங்குபவரின் கணக்குப் பிரிவு முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த வேறுபாட்டைத்தான். அதே நிறுவனம் புதுப் பெயரில் நடக்கிறதா, அல்லது இனி சரக்கு அனுப்பப்போவது சட்டப்படி வேறொரு நிறுவனமா? பெரும்பாலான கடிதங்களில் இதற்குப் பதில் இருப்பதில்லை. புதிய லோகோவும் வளர்ச்சிப் பயணத்தைப் பற்றி இரண்டு பத்தியும் இருக்கும். பில் போடுகிறவருக்கும் பணம் அனுப்புகிறவருக்கும் அதில் ஒரு வரிகூடப் பயன்படாது.

எளிய நிலையிலிருந்து தொடங்கலாம். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பெயரை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, நிறுவனப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கிறார்கள். பதிவாளர் புதிய பெயரில் பதிவுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில்தான் பெயர் மாறுகிறது. அது ஜூன் 10 என்றால், தீர்மானம் மே மாதமே நிறைவேறியிருந்தாலும், ஜூன் 9 வரை பழைய பெயர்தான் சட்டப் பெயர். சான்றிதழ் கைக்கு வருமுன் “இன்றுமுதல் புதிய பெயர்” என்று கடிதம் அனுப்பும் அவசரம் பலரிடம் இருக்கிறது. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டால் இரண்டாவது கடிதம் எழுத வேண்டிவரும்.

இந்த நிறுவனத்துக்கு ஜூன் 10-க்குப் பிறகு மாறாதவைதான் அதிகம். பான் எண் அதேதான். அட்டையில் பெயர் மட்டும் திருத்தப்படும். ஜிஎஸ்டி எண்ணும் அதேதான். அந்தப் பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து அப்படியே பான் எண். பான் மாறாதபோது ஜிஎஸ்டி எண் மாறக் காரணமில்லை. வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் அப்படியே தொடரும். கணக்கின் பெயரை மட்டும் வங்கி திருத்தும். பழைய கடன்கள், ஒப்பந்தங்கள், வாரண்டி எல்லாம் தொடரும்.

இதைத் திருத்துவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஜிஎஸ்டி தளம் சட்டப் பெயரை பான் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஆகவே முதலில் பானில் திருத்தம், அதன் பிறகே ஜிஎஸ்டியில் திருத்தம். பெயர் மாறிய பதினைந்து நாளுக்குள் ஜிஎஸ்டி திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி என்பதால், சான்றிதழ் வந்த அன்றே பான் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது. இடைப்பட்ட நாட்களில் ஜிஎஸ்டி தளத்தில் பழைய பெயரே தெரியும். வாங்குபவர் அதைப் பார்த்துச் சந்தேகப்படுவார். “தளத்தில் சில வாரங்களுக்குப் பழைய பெயர் தெரியலாம், எண் அதேதான்” என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

இனி பில். நிறுவனச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நிறுவனத்தின் கடிதத்தாளிலும் பில்லிலும் பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் எண், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும் என்கிறது. பெயர் மாறியிருந்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய பெயரோடு பழைய பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும். பலர் இதை அழகைக் கெடுக்கும் வரி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒரு வரி இருந்தால்தான் பழைய பெயரில் கொள்முதல் ஆணை கொடுத்த வாங்குபவரின் கோப்பில் ஆணையும் பில்லும் பொருந்தும்.

பில் எண்வரிசையைப் புதிதாகத் தொடங்கவும் தேவையில்லை. ஒரே ஜிஎஸ்டி எண்ணின் கீழ் நிதியாண்டு முழுதும் எண்கள் தொடர்ந்து போனால் போதும். பெயர் மாறிய குஷியில் மீண்டும் 001-லிருந்து தொடங்கினால், ஏப்ரலில் போட்ட 001 ஏற்கெனவே இருக்கும். ஒரே நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. பழைய பெயரில் போட்ட பில்களை ரத்து செய்து புதிய பெயரில் திருப்பிப் போட்டுத் தரச் சொல்லி வாங்குபவர் கேட்டாலும் இணங்க வேண்டாம். அவை போடப்பட்ட நாளில் அதுதான் சரியான பெயர். உள்ளீட்டு வரி வரவு வாங்குபவரின் கணக்கில் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் வைத்தே வந்து சேர்கிறது. பெயர் மாறியதால் மட்டும் அது போய்விடாது.

வாங்குபவர் பக்கத்தில் நேரும் தவறு ஒன்று அடிக்கடி நிகழ்கிறது. சென்னையில் உள்ள ஒரு வாடிக்கையாளர் மே மாதம் 1,00,000 ரூபாய் முன்பணம் அனுப்பியிருக்கிறார். ஜூன் 20 அன்று புதிய பெயரில் 3,00,000 ரூபாய்க்குப் பில் வருகிறது. 18 சதவீத வரியோடு 3,54,000. கணக்கு எழுதுபவர் புதிய பெயரைப் பார்த்ததும் டேலியில் புதிய லெட்ஜர் திறந்துவிடுகிறார். முன்பணம் பழைய லெட்ஜரிலேயே கிடக்கிறது. புதிய லெட்ஜர் 3,54,000 ரூபாய் பாக்கி காட்டுகிறது. முழுத் தொகையும் போய்விடுகிறது. கொடுக்க வேண்டியது 2,54,000 மட்டுமே. டிடிஎஸ் வரம்பைக் கணக்கிடும்போதும் ஆண்டு மொத்தம் இரண்டு லெட்ஜராகப் பிரிந்து நிற்கும். செய்ய வேண்டியது மிக எளிது: புதிய லெட்ஜர் திறக்காமல், பழைய லெட்ஜரிலேயே பெயரைத் திருத்தி, பழைய பெயரை மாற்றுப்பெயராக எழுதிவைக்க வேண்டும். இதையும் கடிதத்தில் சொல்லலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

இரண்டாவது நிலை இவ்வளவு சாதுவானதல்ல. தனி உரிமையாளராகத் தொழில் செய்தவர் அதையே பிரைவேட் லிமிடெட் ஆக்குகிறார். கடையும் ஆட்களும் தொலைபேசி எண்ணும் அதேதான். பெயரில்கூட “பிரைவேட் லிமிடெட்” மட்டும்தான் கூடியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயர் மாற்றம் போலவே தெரியும். ஆனால் இப்போது பில் போடுவது வேறொரு சட்ட நபர். பான் புதியது, ஆகவே ஜிஎஸ்டி எண் புதியது, வங்கிக் கணக்கும் புதியது, பில் எண்வரிசையும் புதியது. பான் எண்ணின் நான்காவது எழுத்தைப் பார்த்தால் இது ஓரளவு தெரிந்துவிடும்: தனிநபருக்கு P, நிறுவனத்துக்கு C. கூட்டு வணிகத்துக்கு F. எல்எல்பிக்கும் அதே F-தான் என்பதால், கூட்டு வணிகம் எல்எல்பி ஆகும்போது எழுத்து மாறாமல் எண் மட்டும் மாறும். ஆகவே முழு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

இங்கே வாடிக்கையாளருக்கு ஒரு தேதி தேவை. “ஜூலை 1 முதல் அனுப்பும் சரக்குக்குப் புதிய நிறுவனம் பில் போடும். ஜூன் 30 வரையிலான பில்களுக்குப் பழைய பானில் டிடிஎஸ் பிடித்துப் பழைய கணக்குக்கே பணம் அனுப்புங்கள்” என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நிலுவையில் உள்ள கொள்முதல் ஆணைகளைப் புதிய நிறுவனத்தின் பெயரில் மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். இந்த நிலையில் புதிய லெட்ஜர் திறப்பதுதான் சரி.

முகவரி மாற்றத்திலும் இதே போன்ற ஒரு பிரிவு உண்டு. பதிவு அலுவலகம் கோவைக்குள் தெரு மாறினால் பில்லில் முகவரி வரி மட்டும் மாறும். சரக்கு அனுப்பும் இடமே கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போனால், 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணுக்குப் பதில் 32 என்று தொடங்கும் கேரள எண்ணில் பில் வரும். சென்னை வாடிக்கையாளருக்கு அதுவரை மத்திய வரி 27,000, மாநில வரி 27,000 என்று வந்த இடத்தில் ஐஜிஎஸ்டி 54,000 என்று வரும். மொத்தம் மாறாது; கணக்கில் எழுதும் தலைப்பு மாறும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பெயர் மாற்றத்தையும் வங்கிக் கணக்கு மாற்றத்தையும் ஒரே கடிதத்தில் சொல்லாதீர்கள். மோசடிக்காரர்கள் அனுப்பும் கடிதமும் அப்படியேதான் இருக்கும்: பெயர் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். 2013 முதல் 2015 வரை கூகுள், ஃபேஸ்புக் நிறுவனங்களிடமிருந்து பத்துக் கோடி டாலருக்கும் மேல் பறித்த லிதுவேனியக்காரர், அவர்களுக்குச் சரக்கு கொடுத்துவந்த தைவான் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, போலி பில்களை அனுப்பினார். பெயர் சரியாகவே இருந்தது, கணக்குதான் அவருடையது. 2019-ல் நியூயார்க்கில் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது. அந்த நிறுவனங்களுக்கே இப்படி நடந்ததென்றால், மாலை ஆறு மணிக்கு அவசரமாக நெஃப்ட் போடும் நம்மூர்க் கணக்காளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கடிதத்தின் முதல் பத்தி இப்படி இருக்கட்டும்: “ஜூன் 10 முதல் எங்கள் பெயர் மாறியுள்ளது. பான், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எதுவும் மாறவில்லை. கணக்கு எண் மாறியதாக யார் சொன்னாலும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.” கடிதத்தில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அழைத்துப் பயனில்லை, கடிதம் போலியென்றால் அந்த எண்ணும் போலிதான். உண்மையிலேயே கணக்கை மாற்ற வேண்டியிருந்தால், பெயர் மாற்றம் அடங்கிய சில மாதங்களுக்குப் பிறகு தனியே செய்யலாம். தனி உரிமையாளர் நிறுவனமாக மாறும்போது இரண்டையும் பிரிக்க வழியில்லை. அப்போது ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கும் நேரில் போயோ தொலைபேசியிலோ உறுதி செய்வதைத் தவிர குறுக்குவழி இல்லை.

கடிதம் பெறுகிறவர் தாமே சரிபார்க்கவும் வசதி உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் Search Taxpayer பகுதியில் எண்ணைப் போட்டால் சட்டப் பெயர் தெரியும். நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் சிஐஎன் எண்ணை வைத்து நிறுவனத்தின் இப்போதைய பெயரைப் பார்க்கலாம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதில் பழைய பெயர் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; வங்கி இன்னும் திருத்தவில்லை என்பதுதான் பொருள். சம்பந்தமில்லாத மூன்றாவது பெயர் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் போய்விட்டதென்றால் உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழைக்க வேண்டும்.

கடைசியாகக் காசோலை. பழைய பெயரில் எழுதிய, பின்தேதியிட்ட காசோலைகள் வாடிக்கையாளர்களிடமிருந்து வாங்கி வைக்கப்பட்டிருக்கும். கணக்கில் பெயரைத் திருத்த விண்ணப்பிக்கும்போதே, பழைய பெயரில் வரும் காசோலைகளை எத்தனை நாள் ஏற்பீர்கள் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தேதியையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். கடிதத்தின் ஒரு பிரதி முதலாளிக்குப் போகட்டும். இன்னொன்று புதிய சான்றிதழ் நகலோடு, அங்கே பில்லைப் பதிவு செய்பவரின் பெயருக்கே போகட்டும்.