மண் எத்தனை நாள் தண்ணீர் தாங்கும்?

வேளாண் பட்டப் படிப்புக்கான அகில இந்திய இடங்களுக்கு 2023 முதல் சி.யு.இ.டி. தேர்வு வழியாகச் சேர்க்கை நடக்கிறது. அதற்குப் படிக்கும் நம் பிள்ளைகள் மண், பருவம், பாசனம் மூன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றையும் இணைத்துக் கேட்டால்தான் திணறுகிறார்கள்.

முதலில் பருவம். ஊரில் குறுவை, சம்பா என்று பேசிப் பழகியவர்கள் நாம். வினாத்தாளிலோ கரீஃப், ரபி என்றே வரும். குறுவை கரீஃபுக்குள் அடங்கிவிடும். ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் முடியும் சம்பா இரண்டையும் தொடும். எனவே பெயரை விட்டு, விதைக்கும் மாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மழையோடு ஜூன், ஜூலையில் விதைப்பது கரீஃப். மழை ஓய்ந்து அக்டோபர், நவம்பரில் விதைப்பது ரபி.

மழை ஓய்ந்தபின் விதைத்த பயிருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இங்கேதான் மண் வருகிறது. சோலாப்பூர்ப் பக்கத்துக் கரிசலில் சோளமும் கொண்டைக்கடலையும் மண்ணில் தேங்கிய ஈரத்தைக் கொண்டே ரபியில் விளைகின்றன. மணலில் அது நடக்காது. ஏன் என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

மண் தாங்கக்கூடிய ஈர அளவு ஃபீல்ட் கெப்பாசிட்டி. பயிர் வாடி மீளாமல் போகும் அளவு வில்டிங் பாயிண்ட். இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரமே பயிருக்குக் கிடைப்பது. ஒரு கரிசல் வயலில் இவை 32, 17 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 15. இது எடைக் கணக்கு என்பதால், மண்ணின் பல்க் டென்சிட்டியான 1.4 ஆல் பெருக்க வேண்டும். வேர் ஆழம் 60 செ.மீ. என்றால், 0.15 × 1.4 × 60 = 12.6 செ.மீ., அதாவது 126 மி.மீ. தண்ணீர். பாதி தீர்ந்ததும் பாய்ச்ச வேண்டும் என்றால் 63 மி.மீ. பயிர் நாளுக்கு 5 மி.மீ. குடித்தால் 12 நாள் தாங்கும்.

மணற்பாங்கான வயலில் அளவுகள் 10, 4 சதவீதம், டென்சிட்டி 1.6. அதே கணக்கில் கிடைப்பது சுமார் 58 மி.மீ. பாதி 29. ஐந்து நாளில் தீர்ந்துவிடும். ஆகவே மணலுக்குக் கொஞ்சமாக, அடிக்கடி பாய்ச்ச வேண்டும். வாய்க்காலில் விட்டால் தலைமாட்டிலேயே தண்ணீர் கீழே இறங்கிவிடும். சொட்டு நீரோ தெளிப்பு நீரோதான் சரியான விடை.

பிள்ளைகள் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, பல்க் டென்சிட்டியால் பெருக்க மறப்பது; அப்போது கரிசலுக்கு 90 மி.மீ. என்று வரும், அந்த எண்ணும் விடைப் பட்டியலில் இருக்கக்கூடும். மற்றொன்று, நிறையத் தண்ணீர் பிடிக்கும் மண் வேகமாக உறிஞ்சும் என்று நினைப்பது. உண்மையில் நனைந்து வீங்கிய கரிசலில் தண்ணீர் மிக மெதுவாகவே இறங்கும். வேகமாக இறங்குவது மணலில்தான்.