மாடுலர் கிச்சன்: ஓர் அடி விலைக்குள் என்ன இருக்கிறது?

மாடுலர் கிச்சன் கொட்டேஷன்கள் பெரும்பாலும் ரன்னிங் அடிக் கணக்கில் வருகின்றன. சமையல் மேடையின் நீளத்தில் ஓர் அடிக்கு இவ்வளவு என்பது இதன் பொருள். அந்த ஓர் அடிக்குள் என்னென்ன அடங்கும் என்பது கடைக்குக் கடை மாறுவதால், எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த பிறகே விலைகளை ஒப்பிட முடியும்.

முதலில் நீளம். ‘எல்’ வடிவ மேடை ஒரு சுவரில் 10 அடி, அடுத்த சுவரில் 8 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் அப்படியே கூட்டினால் 18 அடி. மேடை 2 அடி ஆழம் என்பதால், மூலையில் உள்ள 2 அடி இரு சுவர்க் கணக்கிலும் வந்துவிடுகிறது. அதை ஒருமுறை கழித்தால் 16 அடிதான். சிலர் 18 என்றும் சிலர் 16 என்றும் எழுதுவார்கள். விலை கீழ் அலமாரிக்கு மட்டுமா, மேல் அலமாரியும் சேர்த்தா என்பதையும் கேட்டறிய வேண்டும். சேர்த்து என்றால், ஜன்னல் இருக்கும் இடத்தில் மேல் அலமாரி வராது. அந்த நீளத்துக்கான தொகையைக் குறைக்கச் சொல்லலாம். கிரானைட், சிங்க், சிம்னி, பரண் ஆகியவை பொதுவாகத் தனிக் கணக்கு.

அடுத்தது பலகை. அலமாரியில் உடல் பகுதியான பெட்டி வேறு, கதவான ஷட்டர் வேறு. ‘பிளைவுட் கிச்சன்’ என்று எழுதிவிட்டு ஷட்டரை மட்டும் பிளைவுட்டில் செய்து, பெட்டியைப் பார்ட்டிகிள் போர்டில் முடிப்பதும் நடக்கிறது. தண்ணீர் படும் இடத்தில் இது சீக்கிரம் தெரிந்துவிடும். பார்ட்டிகிள் போர்டு மரத்தூளைப் பசையிட்டு அழுத்தியது. ஈரம் ஏறினால் விளிம்பு உப்பும், திருகு பிடி தளரும், கதவு தொங்கும். ஐ.எஸ். 710 தரத்துக்கு உட்பட்ட மரைன் பிளைவுட்டின் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் தாங்க வேண்டும் என்பது அதற்கான சோதனை. ‘எம்.ஆர்.’ பிளைவுட் காற்றின் ஈரத்தைத் தாங்குமே தவிர, தேங்கும் தண்ணீரை அல்ல. எச்.டி.எச்.எம்.ஆர். பலகை பார்ட்டிகிள் போர்டைவிட அடர்த்தியானது, ஷட்டருக்கு நன்றாகப் பொருந்தும்; ஆனாலும் விளிம்பு முழுவதும் பட்டை ஒட்டி அடைத்திருக்க வேண்டும். செலவைக் குறைக்க விரும்புபவர்கள் சிங்க் அடிப் பெட்டிக்கு மட்டுமாவது மரைன் பிளைவுட் போட்டுவிட்டு, மேல் அலமாரிக்கு விலை குறைந்த பலகையை வைக்கலாம்.

லேமினேட் ஒட்டிய பிறகு பலகையில் அச்சிட்ட முத்திரை மறைந்துவிடும். அப்போது சிங்க் குழாய்க்காக வெட்டிய துளையைப் பார்த்தால் போதும்: அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், துகள்களாக உதிர்ந்தால் பார்ட்டிகிள் போர்டு.

மூன்றாவது, ஃபிட்டிங்ஸ். ஹெட்டிச், ஹாஃபெலே, ப்ளம், எப்கோ என்று பிராண்டு பெயர் மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஒரே நிறுவனம் சாதாரணக் கீலும் விற்கிறது, மெதுவாக மூடும் சாஃப்ட் குளோஸ் கீலும் விற்கிறது. கீல் அந்த நிறுவனத்துடையதாகவும், இழுப்பறைச் சேனல் பெயர் தெரியாததாகவும் இருக்கக்கூடும். ஆகவே கீல், சேனல், டேண்டம் பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் மாடல் எண், எண்ணிக்கை, தாங்கும் எடை மூன்றும் கொட்டேஷனில் இருக்க வேண்டும். பாத்திரம் வைக்கும் இழுப்பறைக்கு எடைதான் முக்கியம். கம்பிக் கூடைகளில் ஸ்டீல் தரம் 304 எனக் குறிப்பிட்டிருக்க வேண்டும்; மலிவான 202 ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது என்பதால் காந்தச் சோதனையை நம்ப முடியாது.

மேலே சொன்ன ‘எல்’ வடிவ மேடைக்கே, கீழ் அலமாரிக்கு மட்டும் இரண்டு கொட்டேஷன்கள் வந்ததாகக் கொள்வோம். முதலாவது, அடிக்கு ரூ. 5,000. நீளம் 18 அடி என்று போட்டு ரூ. 90,000, டேண்டம் பாக்ஸ் நான்கு தனியாக, ரூ. 24,000, ஆக ரூ. 1,14,000. அடியில் சின்ன எழுத்தில் ‘ஜி.எஸ்.டி. தனி’. 18 சதவீத வரியான ரூ. 20,520 சேர்ந்தால் ரூ. 1,34,520. பெட்டி பார்ட்டிகிள் போர்டு. இரண்டாவது, அடிக்கு ரூ. 8,500. நீளம் 16 அடி, அதே நான்கு டேண்டம் பாக்ஸும் வரியும் உட்பட ரூ. 1,36,000. பெட்டி மரைன் பிளைவுட்.

அடி விலையில் ரூ. 3,500 வித்தியாசம் தெரிகிறது. மொத்தத்தில் வித்தியாசம் ரூ. 1,480 மட்டுமே. அந்தத் தொகைக்குப் பலகை இரண்டு படி உயர்ந்த தரத்தில் கிடைக்கிறது. இந்த விவரங்களை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட்டால், பெட்டிகள் வந்திறங்கும்போது வரி வரியாகச் சரிபார்க்கலாம்.