ராத்தாவின் மகனும் கல்லாப்பெட்டியும்

உங்கள் புடவைக் கடைக்குக் காசாளர் தேவை. ராத்தா தன் மகனை அனுப்புவதாகச் சொல்கிறார். "வரட்டும். வேறு இருவரும் வருகிறார்கள், முடிவை அவனிடமே சொல்வேன்" என்று அப்போதே கூறிவிடுங்கள். இதைப் பிந்திச் சொல்வதால்தான் பெரும்பாலும் மனத்தாங்கல் வருகிறது.

மூவருக்கும் ஒரே சோதனை வையுங்கள். பத்துப் பில்களைக் கூட்டி, கல்லாப் பணத்தோடு சரிபார்க்கட்டும். பணத்தில் 100 ரூபாய் குறைத்து வையுங்கள். குறைவை வாய்திறந்து சொல்பவர் யார், கூட்டுத்தொகையை மாற்றிச் சமாளிப்பவர் யார் என்பது தெரிந்துவிடும். உறவில்லாத பழைய ஊழியர் ஒருவரும் தனியே புள்ளியிடட்டும். உங்கள் புள்ளியை அவருக்கு முன்கூட்டியே காட்டாதீர்கள்; முதலாளியின் மருமகன் என்றால் அவர் கையும் தாராளமாகும்.

தேறாவிட்டால் பிழைகளைக் காட்டித் தாளை அவனிடமே கொடுங்கள். ராத்தா கேட்டால், "அவனிடம் விளக்கிவிட்டேன்" என்பதோடு நிறுத்துங்கள்.