ஒப்படையில் வரும் கலைச்சொல்லின் பொருளைக் கேட்டுக் குறிப்பு எழுதுதல்

மாணவர்களே, ஒப்படை வினாவிலுள்ள ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்கள் இருப்பின், எப்பொருளைக் கொள்வது என்பதை வினாவைத் தந்தவரிடமே கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்கும் குறிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் நோக்குவோம்.

1. ஐயம் எழுந்த வினா

தொழினுட்பக் கல்லூரி மாணவன் ஒருவனுக்குப் பின்வரும் வினா ஒப்படையாகக் கிடைத்தது.

"நிறை 50 உடைய பெட்டியொன்று உராய்வற்ற கிடைத்தளத்தில் 100 நியூற்றன் விசையால் கிடையாக இழுக்கப்படுகின்றது. அதன் ஆர்முடுகலைக் காண்க."

வினாவில் 50 என்பதற்கு அலகு தரப்படவில்லை. இலங்கைப் பாடநூல்களில் ஒரு பொருளிலுள்ள சடத்தின் அளவு திணிவு எனப்படும். அது கிலோகிராமில் அளக்கப்படும். அப்பொருளைப் புவி இழுக்கும் விசை நிறை எனப்படும். அது நியூற்றனில் அளக்கப்படும். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நாம் திணிவு என்பதை நிறை என்றும், நாம் நிறை என்பதை எடை என்றும் வழங்குவர். எனவே 'நிறை' என்ற ஒரே சொல் இரு நாட்டு நூல்களிலும் இரு வேறு கணியங்களைக் குறிக்கின்றது.

2. பொருள் மாறினால் விடையும் மாறும்

விசை = திணிவு × ஆர்முடுகல் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

(அ) நிறை என்பது திணிவைக் குறிப்பின், திணிவு 50 கிலோகிராம்.
ஆர்முடுகல் = 100 ÷ 50 = 2 m s⁻²

(ஆ) நிறை என்பது புவியின் இழுவிசையைக் குறிப்பின், அது 50 நியூற்றன். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், திணிவு = 50 ÷ 10 = 5 கிலோகிராம்.
ஆர்முடுகல் = 100 ÷ 5 = 20 m s⁻²

ஒரு விடை மற்றையதன் பத்து மடங்காகும். இரண்டிலும் கணித்தலில் பிழை இல்லை. ஆகவே மீண்டும் மீண்டும் கணித்துப் பார்ப்பதால் இவ்வையம் தீராது. அலகு தரப்பட்டிருந்தால் கேட்கவே தேவை ஏற்பட்டிராது. கிலோகிராம் என்றால் திணிவு, நியூற்றன் என்றால் விசை. எனவே கேட்பதற்கு முன்னர் அலகைத் தேடிப் பாருங்கள்.

3. மாதிரிக் குறிப்பு

"ஐயா, நிறை என்றால் என்ன?" என்று மட்டும் எழுதினால், விரிவுரையாளர் பாடநூலிலுள்ள வரைவிலக்கணத்தையே எழுதி அனுப்புவார். அது மாணவனுக்கு முன்பே தெரிந்தது. அவனுடைய ஐயம் அவ்வண்ணமே இருக்கும். பின்வருமாறு எழுதுவதே பொருத்தமானது.

மதிப்பிற்குரிய விரிவுரையாளர் அவர்கட்கு,

ஐயா,
ஒப்படை 3, வினா 2 இல் "நிறை 50" எனத் தரப்பட்டுள்ளது, அலகு குறிப்பிடப்படவில்லை. எமது பாடநூலின்படி நிறை என்பது நியூற்றனில் அளக்கப்படும் விசையாகும். தமிழ்நாட்டு நூலொன்றில் அதே சொல் கிலோகிராமில் அளக்கப்படும் திணிவைக் குறிக்கின்றது. முதலாவது பொருளில் ஆர்முடுகல் 20 m s⁻² எனவும், இரண்டாவது பொருளில் 2 m s⁻² எனவும் வருகின்றது. இவ்வினாவில் எப்பொருளைக் கொள்ள வேண்டும் எனத் தயவுசெய்து அறியத்தருக.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள மாணவன்,
சுட்டெண் 27

4. குறிப்பை நோக்குவோம்

இக்குறிப்பில் நான்கு விடயங்கள் உள்ளன: சொல் வரும் இடம், மாணவன் அறிந்த இரு பொருள்கள், அவற்றால் விடையில் ஏற்படும் வேறுபாடு, ஒரே ஒரு கேள்வி. வினா இலக்கம் இருப்பதால் விரிவுரையாளர் தேட வேண்டியதில்லை. இரு விடைகளும் இருப்பதால், மாணவன் வேலையைச் செய்த பின்னரே கேட்கின்றான் என்பது அவருக்குப் புலப்படும். இதற்கு அவர் ஒரு வரியில் பதிலளிக்கலாம்: "வினா தமிழ்நாட்டு நூலிலிருந்து எடுக்கப்பட்டது, 50 கிலோகிராம் திணிவு எனக் கொள்க."

ஒப்படையைக் கையளிக்கும் நாள்வரை பதில் கிடைக்காவிடின், "நிறை என்பது இங்கு திணிவு எனக் கொள்ளப்பட்டது" என விடையின் முதல் வரியில் எழுதிவிட்டுக் கணிக்க வேண்டும். அப்போது திருத்துபவர் விடை எவ்வாறு வந்தது என்பதை அறிவார்.

பயிற்சி

400 மீற்றர் ஓட்டப்பாதையை ஒருவர் 80 செக்கனில் ஒருமுறை சுற்றி, தொடங்கிய இடத்தையே அடைகின்றார். "அவரது சராசரி வேகம் யாது?" என வினவப்பட்டுள்ளது. இவ்வினாவிலுள்ள 'வேகம்' என்ற சொல்லின் பொருளைக் கேட்டு விரிவுரையாளருக்கு ஒரு குறிப்பு எழுதுக.

(குறிப்பு: நாம் கதி என்பதைத் தமிழ்நாட்டில் வேகம் என்பர்; நாம் வேகம் என்பதை அங்கு திசைவேகம் என்பர். எமது பொருளில் இடப்பெயர்ச்சி பூச்சியமாதலால் விடை 0. அவர்களது பொருளில் விடை 400 ÷ 80 = 5 m s⁻¹.)