போன் போனால் பிளேஸ்டேஷனும் பூட்டிக்கொள்ளும்

பஸ்ஸில் போன் பறிபோனால் முதலில் நினைவுக்கு வருவது வங்கிக் கணக்கும் யுபிஐயும்தான். வீட்டு டிவிக்குக் கீழே இருக்கும் பிளேஸ்டேஷன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வேறொரு கருவியில் லாகின் செய்யும்போதுதான் வினை தெரியும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும், திரை ஆறு இலக்க எண்ணைக் கேட்கும். அது வரவேண்டிய போன்தான் கையில் இல்லையே!

எஸ்எம்எஸ் வழியே எண் வரும்படி வைத்திருந்தவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்கினால் போதும். மோசடியைத் தடுக்க, புது சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பது இந்தியாவில் விதி. அதுவரை பொறுத்திருக்க வேண்டும். ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அதில் பேக்கப் எடுத்து வைக்காவிட்டால், புது போனில் அதே ஆப்பைப் போட்டாலும் பழைய கணக்கு அதில் இருக்காது.

இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கிய அன்றே பிளேஸ்டேஷன் பத்து பேக்கப் கோடுகளைத் தந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைக்குத்தான் செல்லும். பலரும் அதைப் படிக்காமலே 'ஓகே' அழுத்தியிருப்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களிலும் சிலர் அதைத் தொலைந்த அதே போனில்தான் வைத்திருப்பார்கள்!

அப்போது மிச்சமிருக்கும் வழி சப்போர்ட் குழு. பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டாவது பூட்டு அப்படியேதான் இருக்கும்.

கோவையில் ஒரு கல்லூரி மாணவர் இப்படி மாட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆதார் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் சாட்டில் உட்காருவார். ஆனால் கணக்கு தொடங்கும்போது ஆதார் எதையும் கொடுக்காததால், அதை மட்டும் வைத்து ஒப்பிட அவர்களிடம் எதுவும் இல்லை. வழக்கமாகக் கேட்பது வேறு: பதிவு செய்த மின்னஞ்சல், ஆன்லைன் ஐடி, பிறந்த தேதி, கன்சோலின் சீரியல் எண், கடையில் வாங்கிய விளையாட்டின் பரிவர்த்தனை எண், பணம் கட்டிய கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள்.

சீரியல் எண் கன்சோலின் மீதும் அட்டைப்பெட்டியிலும் அச்சாகியிருக்கும். பரிவர்த்தனை எண்ணுக்கு, வாங்கிய அன்று வந்த ரசீது மெயிலைத் தேட வேண்டும். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது பிறந்த தேதியில்தான். பன்னிரண்டு வயதில் கணக்கு தொடங்கியவர், வயதுத் தடையைத் தாண்ட ஏதோ ஒரு வருடத்தைப் போட்டிருப்பார். இன்று உண்மையைச் சொன்னால் அதுவே தவறான விடையாகிவிடும்.

இந்த விவரங்களைக் கொண்டு உண்மையான உரிமையாளர் உள்ளே வரலாம் என்றால், அவை கிடைத்த திருடனும் வரலாம். 'புது கேம் வாங்கிட்டேன்' என்று ரசீதைப் படமெடுத்துப் போடுபவர்கள், அதிலுள்ள பரிவர்த்தனை எண்ணையாவது மறைப்பது நல்லது. சரிபார்ப்பு முடியும்வரை, ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் கன்சோலில் சைன் அவுட் செய்யவோ, ரீசெட் செய்யவோ கூடாது. மறுபடி உள்ளே நுழைய முயன்றால் அங்கும் அதே ஆறு இலக்கத்தைக் கேட்கும்.